நான்கும் சரி, முதலில் எது? முன்னுரிமைக் கேள்விகளைத் தாதிய மாணவர் அணுகும் முறை

தாதியப் பயிற்சியில் சேர்ந்து சில மாதங்கள் கழிந்ததும் மாணவர்கள் ஒரு புதிய வகைக் கேள்வியைச் சந்திக்கிறார்கள். ஒரு நோயாளியின் நிலை நான்கைந்து வரிகளில் விவரிக்கப்பட்டிருக்கும். அதன் கீழே நான்கு செயல்கள் தரப்பட்டிருக்கும். நான்கும் அந்த நோயாளிக்குச் செய்ய வேண்டியவையே. அவற்றுள் தாதி முதலில் செய்ய வேண்டியது எது என்பதே கேள்வி. பாடத்தை மேலோட்டமாகப் படித்தவரைவிட நன்றாகப் படித்தவரே இங்கு அதிகம் தடுமாறுவதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவருக்கு நான்கு விடைகளையும் ஆதரித்துப் பேச முடிகிறது. எதையும் கழித்துவிட முடிவதில்லை.

இத்தகைய கேள்விகள் பல நூறு இருந்தாலும், ஒரு கேள்வியை அடிவரை பிரித்துப் பார்த்தவருக்கு மற்றவற்றின் அமைப்பும் பிடிபட்டுவிடும். எனவே இக்கட்டுரையில் ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் பயிற்சி பெறும் மாணவர், மாரி மழை தொடங்கி வயல் வேலை மும்முரமாகும் காலத்தில், மருத்துவ விடுதியில் உண்மையாகவே காணக்கூடிய நோயாளி அவர்.

கேள்வி இது.

"48 வயதான விவசாயி ஒருவர் வயலில் கண்ணாடி விரியன் கடித்ததால் விடுதியில் அனுமதிக்கப்பட்டுள்ளார். 20 நிமிட இரத்த உறைவுப் பரிசோதனையில் அவருடைய இரத்தம் உறையவில்லை. சேலைனில் கலந்த பாம்பு விஷமுறி மருந்து நாளத்தின் வழியாக ஏற்றத் தொடங்கி 15 நிமிடங்கள் ஆகின்றன. இப்போது அவர் உடலெங்கும் கடிக்கிறது என்று சொல்கிறார். கழுத்திலும் மார்பிலும் சிவந்த தடிப்புகள் தெரிகின்றன. மூச்சு விடும்போது இழுப்புச் சத்தம் கேட்கிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 128. இரத்த அழுத்தம் 80/50. தாதி முதலில் செய்ய வேண்டியது எது?

அ. முகமூடி வழியாக ஒட்சிசன் கொடுத்தல்.
ஆ. வைத்தியருக்கு அறிவித்தல்.
இ. விஷமுறி மருந்து ஏறுவதை நிறுத்துதல்.
ஈ. தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலீன் ஏற்றுதல்."

விடைக்குள் போகுமுன் பின்னணியைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் பின்னணி தெரியாதவருக்கு எந்த உத்தியும் கைகொடுக்காது. எங்கள் ஊர்களில் புடையன் என்று சொல்லப்படும் கண்ணாடி விரியனின் விஷம், இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. அதைக் கண்டறியவே, ஏறத்தாழ 2 மில்லிலீற்றர் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடங்கள் அசைக்காமல் வைத்து, பின் ஒருமுறை சரித்துப் பார்க்கிறோம். இரத்தம் இன்னும் நீராகவே ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாய் இதற்கு உதவாது. அதில் நலமானவரின் இரத்தமும் உறையாமல் இருந்து எங்களை ஏமாற்றிவிடும்.

இலங்கையில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் விஷமுறி மருந்து இந்தியாவில் குதிரைகளின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுவது. குதிரையின் புரதம் மனித உடலுக்கு அந்நியமானது. அதனால் உயிர்காக்கும் அந்த மருந்தே கடுமையான ஒவ்வாமையையும் எழுப்பக்கூடும். இது அரிதாக நடப்பதன்று. இலங்கை வைத்தியசாலைகளில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஓர் ஆய்வில், விஷமுறி மருந்து பெற்ற 1007 பேரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் எதிர்விளைவு ஏற்பட்டது. மருந்தை ஏற்றத் தொடங்குமுன் தோலின் கீழ் சிறிதளவு அட்ரினலீன் கொடுப்பது கடுமையான எதிர்விளைவுகளைக் குறைக்கிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆனாலும் குறைக்கிறதே தவிர, முற்றாகத் தடுப்பதில்லை. ஆகவே மருந்து ஏறத் தொடங்கிய பின் தாதி கட்டிலருகே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது.

முதற்படி: கடைசி வரியை முதலில் படித்தல்

கேள்வியின் கதையைப் படிக்குமுன் அதன் கடைசி வரியைப் படியுங்கள். "முதலில் செய்ய வேண்டியது", "அடுத்துச் செய்ய வேண்டியது", "செய்யக் கூடாதது", "வைத்தியரின் கட்டளைகளுள் முதலில் நிறைவேற்ற வேண்டியது" ஆகிய நான்கும் வெவ்வேறு கேள்விகள். ஒரே கதைக்கு இந்த நான்கு வரிகளில் எது வந்தாலும் விடை மாறக்கூடும். எங்கள் கேள்வியில் "முதலில்" என்று இருக்கிறது. அதாவது, நான்கு செயல்களும் நடக்கப் போகின்றன என்பதைக் கேள்வி ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. எது சரி என்று தேடுவதை மாணவர் இங்கேயே விட்டுவிட வேண்டும். எதைப் பிந்தவிட்டால் கேடு மிகும் என்பதே இனி அவர் தேட வேண்டியது.

இரண்டாம் படி: என்ன மாறியது, என்ன இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது

இப்போது கதையைப் படித்து இரண்டு விடயங்களின் கீழ் கோடிடுங்கள். ஒன்று, புதிதாக ஏற்பட்ட மாற்றம். மற்றது, கேள்வி முடியும் அந்தக் கணத்திலும் தொடர்ந்து நடந்துகொண்டிருப்பது.

மாற்றம் தெளிவாகவே இருக்கிறது: கடி, தடிப்பு, இழுப்பு, வேகமான நாடி, விழுந்துவிட்ட இரத்த அழுத்தம். தோல், மூச்சு, இரத்தவோட்டம் என மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில் குறி தெரிகிறது. மருந்து ஏறத் தொடங்கிச் சில நிமிடங்களில் இப்படி நேர்ந்தால் அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை என்பதில் ஐயம் வேண்டாம். இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேறு மாவட்டங்களிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் பயிலும் மாணவர்களுக்கு "கடிக்குது பிள்ளை" என்று நோயாளி சொல்வது சிலவேளை விளங்குவதில்லை. பாம்புக்கடி நோயாளி அப்படிச் சொல்லும்போது, கடிவாயில் வலி என்று எடுத்துக்கொண்டு வலிநிவாரணி பற்றி யோசித்த ஒரு மாணவியை நான் அறிவேன். எங்கள் பேச்சில் கடி என்பது அரிப்பு. அந்த ஒரு சொல்தான் பெரும்பாலும் முதல் எச்சரிக்கை. தடிப்பும் முட்டும் அதன் பின்னர்தான் வருகின்றன.

இனி, தொடர்ந்து நடந்துகொண்டிருப்பது எது? மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. கதையில் எங்கும் அது நிறுத்தப்பட்டதாகச் சொல்லப்படவில்லை. மாணவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். மாற்றங்கள் கண்ணில் அறைகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் துளிகளோ கதையின் பின்னணிக்குப் போய்விடுகின்றன. இரத்தம் ஏற்றும்போது வரும் எதிர்விளைவு, பெனிசிலின் ஏற்றும்போது வரும் ஒவ்வாமை, வேகமாக ஏறிய சேலைனால் நுரையீரலில் நீர் கோத்தல் ஆகிய எல்லாக் கேள்விகளிலும் இதே அமைப்பு ஒளிந்திருக்கும்.

மூன்றாம் படி: தகவல் போதுமா என்று கேட்டல்

"முதலில் மதிப்பிடு, பின்னர் செயற்படு" என்று தாதியப் படிமுறையில் கற்பிக்கிறோம். அது சரியான பாடம்தான். ஆனால் மதிப்பீடு ஏற்கெனவே கதைக்குள் செய்து தரப்பட்டிருந்தால், மறுபடியும் மதிப்பிடுவது தாமதமாகிவிடும். எங்கள் கேள்வியில் "இரத்த அழுத்தத்தை அளத்தல்" என்று ஒரு விடை இருந்திருந்தால் பலர் அதைத் தெரிவு செய்திருப்பார்கள். 80/50 என்று கேள்வியே சொல்லிவிட்ட பின் அதை மீண்டும் அளப்பதால் தாதி புதிதாக ஒன்றையும் அறியப் போவதில்லை.

இதற்கு மாறாக, கதையில் ஓர் இலக்கம் மட்டும் பயமுறுத்தி, நோயாளியைப் பற்றிய விவரம் எதுவும் அதனுடன் பொருந்தாமல் இருந்தால் மதிப்பீடே முதற்செயலாகும். இதே விவசாயி, மருந்து ஏறிக்கொண்டிருக்கையில் மகனோடு இயல்பாகக் கதைத்துக்கொண்டிருக்கிறார். தடிப்பும் இல்லை, இழுப்பும் இல்லை. விரலில் மாட்டிய கருவி மட்டும் ஒட்சிசன் செறிவு 78 வீதம் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே முதலில் நோயாளியையும் கருவி மாட்டிய விரலையும் பார்க்க வேண்டும். வயலிலிருந்து வந்தவரின் விரல் சேறு படிந்து குளிர்ந்திருக்கலாம், கருவி கழன்றிருக்கலாம்.

தெரிவு செய்ய நினைக்கும் மதிப்பீடு என் அடுத்த செயலை மாற்றுமா என்று உங்களையே கேளுங்கள். மாற்றும் என்றால் மதிப்பிடுங்கள்; மாற்றாது என்றால் செயற்படுங்கள்.

நான்காம் படி: ஒவ்வொரு விடையையும் தனித்து நிறுத்திப் பார்த்தல்

இதுதான் நான் மாணவர்களிடம் அதிகம் வற்புறுத்தும் படி. நான்கு விடைகளுள் ஒன்றை மட்டும் நீங்கள் செய்கிறீர்கள். அடுத்த ஒரு நிமிடத்துக்கு மற்ற மூன்றும் நடக்கவில்லை என்று கற்பனை செய்யுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் நோயாளிக்கு என்ன நடக்கும்?

ஒட்சிசனை எடுத்துக்கொள்வோம். மூச்சு இழுக்கிறது; காற்றுப்பாதை, சுவாசம், இரத்தவோட்டம் என்ற வரிசையை மனனம் செய்த மாணவர் சுவாசத்துக்கு உதவும் விடையை உடனே குறித்துவிடுவார். ஆனால் அந்த வரிசை பிரச்சினைகளை வரிசைப்படுத்தத் தரப்பட்டது. பிரச்சினைக்குக் காரணமானது இன்னும் உடலுக்குள் போய்க்கொண்டிருக்கையில் அதை விட்டுவிட்டு விளைவைக் கவனிக்கும்படி அது சொல்லவில்லை. ஒட்சிசன் மட்டும் கொடுத்தால், சுருங்கிக்கொண்டிருக்கும் சுவாசக்குழாய்களுக்குள் சற்று வளமான காற்றுப் போகும். ஒவ்வாமையை எழுப்பும் புரதமும் ஒவ்வொரு துளியாக ஏறிக்கொண்டே இருக்கும்.

வைத்தியருக்கு அறிவித்தல் என்பது மாணவர்களை அதிகம் ஈர்க்கும் விடை. பொறுப்பானதாகத் தோன்றுகிறது, நான் புதியவர், என் கையில் என்ன இருக்கிறது என்ற அடக்கமும் அதில் இருக்கிறது. ஆனால் தாதியின் கைக்கெட்டிய தூரத்தில், அவருடைய அதிகார எல்லைக்குள், நோயாளியைக் காக்கும் ஒரு செயல் இருக்கும்போது, அதைச் செய்யாமல் தொலைபேசியை நோக்கி நடப்பது அந்த நிமிடத்தை நோயாளியிடமிருந்து எடுத்துக்கொள்வதாகும். இந்த விடை சரியாகும் இடங்களும் உண்டு. தாதி செய்யக்கூடியவை எல்லாம் கதையிலேயே செய்து முடிக்கப்பட்டிருந்தால், அல்லது எஞ்சிய விடைகள் எதுவும் ஆபத்தைத் தொடாதவையாக இருந்தால், அறிவித்தலே முதற்செயல்.

எஞ்சியவை இரண்டு: மருந்தை நிறுத்துதல், அட்ரினலீன் கொடுத்தல். உண்மையான போட்டி இவற்றுக்கிடையேதான். அட்ரினலீனே இந்த நிலைக்கான மருந்து; அதுதான் சுருங்கிய சுவாசக்குழாய்களைத் திறக்கிறது, தளர்ந்த இரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை மீட்கிறது. மருந்தை நிறுத்துவது மட்டும் ஏற்கெனவே கிளம்பிவிட்ட ஒவ்வாமையை அடக்காது. "எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்" என்பார்கள். இங்கே எரிகிறதைப் பிடுங்கினாலும் கொதிப்பு தானாக அடங்கிவிடாது. அப்படியிருந்தும் நிறுத்துவதே முதலில் வருகிறது. ஏன்?

சேலைன் குழாயில் உள்ள சில்லை உருட்டி மூடுவதற்கு இரண்டு விநாடி போதும். எதையும் எடுத்துவரத் தேவையில்லை. எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. தவறாக நிறுத்திவிட்டாலும் மீண்டும் திறந்துவிடலாம். அட்ரினலீன் கொடுப்பதற்குச் சிறுகுப்பியை உடைத்து, அளந்து, ஊசியில் எடுத்து, தொடையில் ஏற்ற வேண்டும். எவ்வளவு தயாராக இருந்தாலும் ஒரு நிமிடமாவது செல்லும். அந்த நிமிடம் முழுவதும் மருந்து ஏறிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதேவேளை, நிறுத்துவதற்குச் செலவாகும் இரண்டு விநாடி அட்ரினலீனைக் கணிசமாகப் பிந்தவிடாது. ஆகவே விடை "இ".

பரீட்சையில் சில்லை மூடியதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. விடுதியில் அங்கேதான் தொடங்குகிறது. அதன் தொடர்ச்சியை அறிந்தவருக்கு, அடுத்தடுத்த கேள்விகளில் விடைகள் எப்படி இடம் மாறுகின்றன என்பதும் விளங்கும்.

சில்லை மூடும் கையோடு தாதி உரத்துக் குரல் கொடுக்கிறார். கட்டிலை விட்டு நகர்வதில்லை. நோயாளியைத் தட்டையாகப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துகிறார். முட்டினால் படுக்க முடியவில்லை என்றால் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தலாம். ஆனால் எழுப்பி நிறுத்தவோ, மலசலகூடத்துக்கு நடத்திச் செல்லவோ கூடாது. இரத்த அழுத்தம் விழுந்த நிலையில் திடீரென எழுந்தவர்கள் அப்படியே மயங்கி இறந்ததுண்டு. "ஐயா, எழும்ப வேண்டாம், நான் பக்கத்திலேயே நிற்கிறேன்" என்று சொல்லி அவரைப் படுக்கையிலேயே வைத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

அடுத்தது அட்ரினலீன். 1:1000 செறிவுள்ள ஒரு மில்லிலீற்றர் குப்பியில் ஒரு மில்லிகிராம் இருக்கிறது. வளர்ந்தவருக்கு அதில் பாதி, அதாவது அரை மில்லிலீற்றர், தொடையின் நடுப்பகுதியில் முன்வெளிப்புறத் தசைக்குள் ஏற்றப்படுகிறது. நிலை மாறாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மீண்டும் கொடுக்கப்படும். வைத்தியரின் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டுமா, விடுதியில் முன்கூட்டியே எழுதிவைத்த அறிவுறுத்தல் உண்டா என்பதை மருந்து ஏற்றத் தொடங்குமுன்னரே கேட்டறிந்திருக்க வேண்டும். அட்ரினலீனை ஊசியில் எடுத்துப் பெயரெழுதிக் கட்டிலருகே வைத்த பின்னரே விஷமுறி மருந்தின் சில்லைத் திறப்பது நல்ல வழக்கம். "மருந்து ஏற்றத் தொடங்குமுன் தாதியின் முன்னுரிமை எது?" என்று கேட்டால், தேட வேண்டிய விடையும் இதுவே.

கூர்மையான மாணவர் இங்கே ஒரு கேள்வி எழுப்புவார்: இவருடைய இரத்தம் உறையவில்லையே, தசையில் ஊசி போடலாமா? நல்ல கேள்வி. இரத்தம் உறையாதவருக்குத் தசையில் ஊசி போட்டால் அவ்விடத்தில் இரத்தம் கட்டிக்கொள்ளும்; அதனால்தான் ஏற்புவலித் தடுப்பூசியை இரத்தம் உறையும் நிலை திரும்பும்வரை தள்ளிவைக்கிறோம். ஆனால் தடுப்பூசி காத்திருக்கும்; ஒவ்வாமை காத்திருக்காது. தொடையில் இரத்தக்கட்டு வந்தாலும் நோயாளி பிழைப்பார். அட்ரினலீன் பிந்தினால் பிழைக்காமல் போகலாம். ஒரே நோயாளியில் ஒரு தசை ஊசி தள்ளிப்போடப்படுவதும் இன்னொன்று உடனே போடப்படுவதும் முரண் அல்ல. முன்னுரிமை என்பதன் பொருள் இதில் தெரிவதுபோல வேறெங்கும் தெளிவாகத் தெரிவதாக எனக்குத் தோன்றவில்லை.

அட்ரினலீன் ஏற்றியதும் ஒட்சிசன். அதோடு இரத்த அழுத்தத்தை மீட்கச் சேலைன். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சில்லை மூடிவிட்டாலும் குழாய் முழுவதும் விஷமுறி மருந்து நிறைந்திருக்கிறது. அதே குழாயில் புதிய சேலைன் போத்தலை மாட்டித் திறந்துவிட்டால், குழாயில் எஞ்சிய மருந்து முழுவதும் வேகமாக நோயாளிக்குள் தள்ளப்படும். ஆகவே பழைய குழாயைக் கனுலாவிலிருந்து கழற்றிவிட்டு, சேலைன் நிரப்பிய புதிய குழாயைப் பொருத்த வேண்டும். கனுலாவைக் கழற்றவே கூடாது. அழுத்தம் விழுந்தவருக்கு மீண்டும் நாளம் கண்டுபிடிப்பது கடினம். இரத்தம் உறையாதவருக்குப் புதிதாகக் குத்தும் ஒவ்வோர் இடமும் கசியும். "கனுலாவை அகற்றுதல்" என்ற விடை, "மருந்தை நிறுத்துதல்" என்பதற்கு நிகரானதுபோல வேடமிட்டு வரும்; அதைக் கண்டதும் ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு வரியை மாற்றினால் விடையும் மாறும்

கேள்வி தயாரிப்பவர்கள் புதிய கதைகளைத் தேடி அலைவதில்லை. இருக்கும் கதையில் ஒரு வரியை மாற்றுகிறார்கள். மாணவரும் அப்படியே பழக வேண்டும்.

"தாதி மருந்து ஏறுவதை நிறுத்திவிட்டார். அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்று வந்தால் விடை அட்ரினலீன். ஒட்சிசனோ, ஒவ்வாமைக்கு வழக்கமாகக் கொடுக்கும் குளோர்பெனிரமினோ, ஹைட்ரோகோட்டிசோனோ அதன் முன் வராது. பின்னிரண்டும் மெதுவாக வேலை செய்பவை. சுவாசக்குழாய் சுருங்குவதையும் இரத்த அழுத்தம் விழுவதையும் அந்த நேரத்தில் மாற்றவல்லவை அல்ல. பழக்கத்தால் அவற்றை முதலில் கொடுத்துவிட்டு அட்ரினலீனுக்குத் தயங்குவது விடுதிகளிலும் நடக்கும் பிழை.

நிறுத்துதல் என்ற விடையே பட்டியலில் இல்லை என்றால், இருப்பவற்றுள் சிறந்ததைத்தான் தெரிவு செய்ய வேண்டும். தன் மனத்தில் உள்ள விடை பட்டியலில் இல்லையே என்று குழம்பி, அதற்கு அருகில் உள்ளதாகத் தோன்றும் "கனுலாவை அகற்றுதல்" என்பதைக் குறித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு மாற்றம்: மருந்து ஏறத் தொடங்கி ஒரு மணிநேரம் கழித்து நோயாளிக்குக் கடுங்குளிரும் நடுக்கமும் வருகின்றன, உடல்வெப்பம் உயர்கிறது, தடிப்பில்லை, இழுப்பில்லை, இரத்த அழுத்தம் 120/80. இது மருந்தில் கலந்திருக்கும் காய்ச்சலூட்டும் பொருட்களால் எழும் எதிர்விளைவாக இருக்கக்கூடும். இங்கேயும் முதற்செயல் மருந்தைத் தற்காலிகமாக நிறுத்துவதே. அடுத்த இடத்துக்கு இம்முறை அட்ரினலீன் தானாக வந்துவிடாது. தோல், மூச்சு, இரத்தவோட்டம் மூன்றையும் சரிபார்த்து, வைத்தியருக்கு அறிவித்து, பரசிற்றமோலும் குளிர்ச்சிப்படுத்தலும் கொடுப்பதே வழி. ஆனால் காய்ச்சல் என்று முடிவுகட்டிய பின்னரும் இரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த எதிர்விளைவிலும் அது விழக்கூடும்.

கடைசியாக, கதை முழுவதையும் மாற்றிப் பார்ப்போம். இரவில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒருவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. விடியும்போது வயிற்றுவலி; இமைகள் தொங்குகின்றன; எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிகிறது; தொண்டையில் களகளவென்ற சத்தம். வைத்தியர் விஷமுறி மருந்துக்குக் கட்டளை எழுதிவிட்டார். தாதி முதலில் செய்ய வேண்டியது, மருந்தைக் கலந்து ஏற்றத் தொடங்குவதா, பக்கவாட்டில் திருப்பி வாயில் தேங்கிய எச்சிலை உறிஞ்சி எடுப்பதா, இரத்தம் எடுப்பதா?

இரண்டாம் படியை இங்கே பயன்படுத்துங்கள். தாதி நிறுத்தக்கூடிய எதுவும் ஏறிக்கொண்டிருக்கவில்லை. விஷம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. ஆகவே காற்றுப்பாதை, சுவாசம், இரத்தவோட்டம் என்ற வரிசை இப்போது முழு உரிமையோடு முன்னுக்கு வருகிறது. நான்காம் படியின்படி மருந்தைத் தனித்து நிறுத்திப் பாருங்கள். உலர்ந்த பொடியாக உள்ள குப்பிகளை ஒவ்வொன்றாகக் கரைத்து, சேலைனில் சேர்த்து, ஏற்றி முடிப்பதற்கு ஒரு மணிநேரமளவு செல்லும். அதன் பின்னரும் கட்டுவிரியன் விஷத்தால் செயலிழந்த தசைகள் உடனே மீள்வதில்லை. அந்த நேரத்துக்குள் எச்சில் நுரையீரலுக்குள் போய்விடும். ஆகவே திருப்பிப் படுக்கவைத்து உறிஞ்சி எடுத்தலே முதற்செயல். செயற்கைச் சுவாசத்துக்கான ஏற்பாட்டுக்கு வைத்தியரை அழைப்பது அதன் உடன்செயல்.

இந்த இரண்டு பாம்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் விஷமுறி மருந்தை நிறுத்துவது முதல் விடை. மற்றதில் அதைத் தொடங்குவதுகூட முதல் விடை அல்ல. முதல் நோயாளி தேறிய பின்னர் மீண்டும் கேள்வி வரும்: "இழுப்பு நின்றுவிட்டது, இரத்த அழுத்தம் 110/70, வைத்தியர் விஷமுறி மருந்தை மீண்டும் ஏற்றச் சொல்கிறார். தாதி என்ன செய்வார்?" ஒவ்வாமை வந்தவருக்கு இம்மருந்து இனி ஆகாது என்று மறுக்கும் விடையைக் குறிப்பவர்கள் ஏராளம். வேறு மருந்துகளுக்கு அது சரியாக இருக்கலாம். இவருடைய இரத்தம் இன்னும் உறையவில்லை, அதை மாற்ற வேறு மருந்தும் கையில் இல்லை. ஆகவே புதிய அட்ரினலீன் ஊசியொன்றைத் தயாராக வைத்துக்கொண்டு, குறைந்த வேகத்தில் மருந்தைத் தொடங்கி, கட்டிலருகே நின்று, "ஐயா, எங்கேயாவது கடிக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.